பேறுகால விதிகள் ஐந்து: மூலமும் உரையும்

கோவைக்குப் பக்கத்தில் மோட்டார் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பேறுகாலக் கொள்கை முன்பு பதினோரு பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. மாசமாக இருக்கும் பெண் அதைக் கையில் வாங்கிப் போவாள். மறுநாள் வந்து, "அக்கா, எனக்கு எத்தனை நாளுங்க?" என்றுதான் கேட்பாள். அவளுக்கு வேண்டியவை நான்கு: எனக்கு உண்டா, எத்தனை நாள், எவ்வளவு பணம், எப்போது எப்படித் திரும்புவது. இந்த நான்கையும் ஐந்து விதிகளாகச் சுருக்கித் தமிழில் எழுதினோம். தகப்பனுக்கென்று ஒரு விதி சேர்ந்ததால் நான்கு ஐந்தானது.

சுருக்கி எழுதியதில் சட்டத்தின் சொற்கள் பல உள்ளே மடங்கிக்கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டத்தான் இந்த உரை. கொள்கையின் அடியில் இருப்பது 1961-ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம். 2017-இல் அதைத் திருத்தி, பன்னிரண்டு வாரத்தை இருபத்தாறு வாரமாக்கினார்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் இங்கே பேசப்போகும் உரிமைகளின் எலும்புக்கூடு பெரும்பாலும் பழையதுதான். நிறுவனம் சட்டத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம். குறைத்து எழுதிக் கையெழுத்து வாங்கினால் அந்த எழுத்து செல்லாது.

விதி 1: தகுதி

*மூலம்: பிரசவத்துக்கு மருத்துவர் குறித்த தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் எண்பது நாள் இங்கே வேலை செய்த எந்தப் பெண்ணுக்கும் பேறுகால விடுப்பும் சம்பளமும் உண்டு. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்குப் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும்.*

உரை: "எண்பது நாள்" என்பதைப் பலர் "எண்பது நாள் பழையவராக இருக்க வேண்டும்" என்று படித்துவிடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாளாயிற்று என்ற கேள்வியே இங்கு இல்லை. வேலை செய்த நாள் எத்தனை என்பதுதான் கேள்வி. சம்பளத்தோடு வந்த விடுமுறை நாளும், ஆர்டர் இல்லாமல் நிறுவனமே வேலை கொடுக்காமல் நிறுத்தி வைத்த நாளும் அந்த எண்பதில் சேரும். ஆகவே வருகைப் பதிவேட்டில் "பிரசன்ட்" என்று விழுந்ததை மட்டும் எண்ணினால் கணக்கு குறையும்.

"எந்தப் பெண்ணுக்கும்" என்று எழுதியது யோசித்துத்தான். பயிற்சிக் காலத்தில் இருப்பவர், தற்காலிகமாக எடுக்கப்பட்டவர், தினக்கூலி எல்லாரும் அதில் அடங்குவர். டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் தொடுத்த வழக்கில் 2000-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. வேலையில் சேரும்போதே கர்ப்பமாக இருந்தாள் என்பதும் ஒரு தடையல்ல. சேர்ந்த நாளிலிருந்து விடுப்புக்குப் போகும் நாளுக்குள் எண்பது தேறினால் போதும்.

இரண்டாவது வாக்கியம் பணம் எந்தக் கதவில் கிடைக்கும் என்பதைச் சொல்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர் இ.எஸ்.ஐ.யில் வருவார். அங்கே தகுதிக் கணக்கு வேறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று என்று சந்தாக் காலங்கள் உண்டு. பிரசவத்துக்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் சேர்த்து எழுபது நாளுக்காவது சந்தா போயிருக்க வேண்டும். விடுப்பு அங்கும் இருபத்தாறு வாரம்தான், சராசரி தினச் சம்பளம் முழுவதும் கிடைக்கும். ஆனால் மனுவையும் மருத்துவச் சான்றையும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், எங்கள் மேசையில் அல்ல. பணம் இ.எஸ்.ஐ. கொடுத்தாலும், வேலையைக் காத்து வைக்கும் கடமை எங்களுடையதே.

விதி 2: காலம்

*மூலம்: மொத்தம் இருபத்தாறு வாரம். அதில் எட்டு வாரம் வரை, குறித்த தேதிக்கு முன்பு எடுக்கலாம். உயிரோடு இரண்டு குழந்தைகள் இருந்தால் பன்னிரண்டு வாரம், முன்பாக ஆறு வாரம் வரை. கரு கலைந்தால் ஆறு வாரம். பிரசவமோ கருக்கலைவோ ஆன பின் ஆறு வாரத்துக்கு வேலை வாங்கக் கூடாது.*

உரை: இந்த விதியில் எடைமிக்க சொல் "மொத்தம்". அந்தச் சொல் ஏன் முதலில் நிற்கிறது என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். 2018-இல் நான் வேறோர் இடத்தில் வேலையில் இருந்தேன். எட்டு வாரம் முன்பு, பதினெட்டு வாரம் பின்பு என்று பிரித்து எழுதிக் கொடுத்தார்கள். குழந்தை இரண்டு வாரம் முந்திப் பிறந்துவிட்டது. முன்பு எடுத்தது ஆறு வாரமாகச் சுருங்கியது. பின்பாதியைப் பிறந்த நாளிலிருந்து பதினெட்டு வாரம் என்றே எண்ணினார்கள். ஆக, எனக்குக் கிடைத்தது இருபத்துநான்கு. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பேருந்து ஏறிய அந்த இரண்டு வாரம் எனக்குச் சேர வேண்டியவை என்பது, பிறகு நானே இந்த வேலைக்கு வந்து சட்டத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது.

ஆகையால் எங்கள் கணக்கு விடுப்பு தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. ஓர் உதாரணத்தை நாள்காட்டியில் வைத்துப் பார்ப்போம். காயில் சுற்றும் பிரிவில் ஒரு தங்கை. ஸ்கேனில் குறித்த தேதி 2026 மார்ச் 30. அதற்கு எட்டு வாரம் முன்பு பிப்ரவரி 2, திங்கட்கிழமை. அன்றிலிருந்து விடுப்பு. இருபத்தாறு வாரம் என்றால் 182 நாள். கடைசி நாள் ஆகஸ்ட் 2, ஞாயிறு. திரும்பும் நாள் ஆகஸ்ட் 3. ஆனால் குழந்தை மார்ச் 16-ஆம் தேதியே பிறந்துவிட்டது. திரும்பும் நாள் ஆகஸ்ட் 3-தான். பிறந்ததற்குப் பின் பதினெட்டு வாரம் இருந்த இடத்தில் இருபது வாரம் ஆகும், அவ்வளவே. பழைய இடத்துக் கணக்கில் இவள் ஜூலை 20-ஆம் தேதி வந்து நிற்க வேண்டியிருக்கும்.

"எட்டு வாரம் வரை" என்பதில் "வரை" என்பது அவளுக்கான சலுகை. எட்டையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. உடம்பு ஒத்துழைத்து, வலி வரும் வாரம் வரைக்கும் வேலை செய்தால், இருபத்தாறையும் குழந்தை பிறந்த பின்பே வைத்துக்கொள்ளலாம். அப்படி வேலையில் தொடர்பவள், வெகுநேரம் நிற்கும் வேலையோ பாரமான வேலையோ வேண்டாம் என்று கேட்டால், பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் அதைக் கொடுக்கக் கூடாது. காயில் சுற்றுபவளை உட்கார்ந்து சரிபார்க்கும் மேசைக்கு மாற்றினாலும், சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

"உயிரோடு இரண்டு குழந்தைகள்" என்பது பிரசவங்களை எண்ணவில்லை, பிள்ளைகளை எண்ணுகிறது. முதல் பிரசவத்திலேயே இரட்டை பிறந்தவளுக்கு இரண்டாம் பிரசவத்துக்குப் பன்னிரண்டு வாரம்தான் கிடைக்கும். மூத்தது ஒன்றாக இருந்து, இரண்டாவது பிரசவத்தில் இரட்டை வந்தால் இருபத்தாறு வாரம். மூன்றாவது குழந்தைக்கு ஒன்றுமே கிடையாது என்ற பேச்சு தொழிற்சாலைத் தேநீர்க் கடையில் உலவுகிறது. அது தவறு. காலம்தான் குறைகிறது, உரிமை போவதில்லை.

கருக்கலைவுக்கு ஆறு வாரம் என்ற வரியைப் படிக்காமலே பல பெண்கள் மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். யாரிடமும் சொல்லப் பிடிக்காமல் சாதாரண விடுப்பில் கழித்துவிடுகிறார்கள். மருத்துவர் சீட்டு ஒன்று போதும். அது எங்கள் பிரிவில் ஒருவரிடம் மட்டும் இருக்கும், சூப்பர்வைசருக்கு நாள் எண்ணிக்கை மட்டுமே போகும். இந்த ஆறு வாரத்துக்கும் பேறுகாலச் சம்பளமே கணக்கு.

விதி 3: சம்பளம்

*மூலம்: விடுப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த நாள்களின் சராசரி தினச் சம்பளம், விடுப்பின் ஒவ்வொரு நாளுக்கும் தரப்படும். பிரசவத்துக்கு முந்தைய பகுதி முன்பணமாக, மீதி பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். நிறுவனச் செலவில் மருத்துவம் பார்க்காதவருக்கு 3,500 ரூபாய் மருத்துவப் படி.*

உரை: இந்த விதியில் இரண்டு தொடர்களை விரலால் தொட்டுப் படிக்க வேண்டும். ஒன்று "வேலை செய்த நாள்களின் சராசரி". மற்றது "ஒவ்வொரு நாளுக்கும்". பணம் குறைவது இந்த இரண்டு இடங்களில்தான்.

முதல் தொடர். நம் தங்கைக்குத் தினச் சம்பளம் 950 ரூபாய், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து. மாதம் இருபத்தாறு நாள் என்றால் 24,700. அதனால் இ.எஸ்.ஐ.யில் இல்லை, நிறுவனமே கொடுக்க வேண்டும். விடுப்பு பிப்ரவரியில் தொடங்குவதால் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதங்கள் கணக்கு. கால் வீக்கமும் பரிசோதனையுமாக அவள் சம்பளமில்லாமல் அடிக்கடி விடுப்பு எடுத்துவிட்டாள். வேலை செய்தது 61 நாள், கையில் வந்தது 57,950 ரூபாய். இதை 61-ஆல் வகுக்க வேண்டும். சராசரி 950. ஆனால் சம்பள மென்பொருளில் யாரோ ஒருவர் அந்த மூன்று மாதத்தின் 92 நாளால் வகுக்கும்படி வைத்திருந்தால், சராசரி 630 ரூபாய்க்குக் கீழே போய்விடும். 182 நாளுக்குப் பெருக்கினால் 1,72,900 வர வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 1,14,640 தான் வரும். வேலைக்கு வர முடியாத நாளுக்காக அவள் ஒரு முறை சம்பளம் இழந்தாகிவிட்டது. அதே நாளுக்காக மறுமுறையும் 58,000 ரூபாய்க்கு மேல் இழப்பாள். கணக்கு சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தினக்கூலிக்காரருக்குச் சராசரி என்று காட்டும் தொகை, அவருடைய ஒரு நாள் கூலிக்குக் குறைவாக இருந்தால், வகுத்த எண் தவறு.

இரண்டாவது தொடர். கணக்கைக் காட்டியபோது அந்தத் தங்கை கேட்டாள்: "ஞாயித்துக்கிழமைக்கும் சேர்த்து வருங்களாக்கா? எங்களுக்குத்தான் ஞாயிறு சம்பளமே கெடையாதே." வரும். இந்தக் கேள்விக்கு விடை நம் மாவட்டத்திலிருந்தே போனது. ஆனைமலைப் பகுதித் தோட்டம் ஒன்றில் வேலை செய்த பெண், 1967-இல் பேறுகால விடுப்பில் போனார். அப்போது பன்னிரண்டு வாரம். பன்னிரண்டு ஞாயிறு சம்பளமில்லாத நாள் என்று கழித்துவிட்டு, தோட்ட நிர்வாகம் 72 நாளுக்குக் கொடுத்தது. அவர் 84 நாளுக்குக் கேட்டார். கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை அந்த வழக்கு போனது. வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் அதில் ஒன்று என்று 1977-இல் தீர்ப்பு வந்தது. பன்னிரண்டு நாள் கூலிக்காக ஒரு தோட்டத் தொழிலாளி பத்து ஆண்டு நின்றதால்தான் இன்று நாங்கள் 182 என்று எழுதுகிறோம். ஞாயிறு நீக்கி 156 என்று எழுதியிருந்தால், நம் தங்கைக்கு 24,700 குறைந்திருக்கும். அவளுடைய முழு ஒரு மாதச் சம்பளம் அது.

மாதச் சம்பளக்காரர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எது எது சம்பளம்? பழைய சட்டம் வீட்டு வாடகைப் படி உட்பட ரொக்கப் படிகளைச் சம்பளத்தில் சேர்த்தது. புதிய தொகுப்புச் சட்டத்தில் அடிப்படையும் பஞ்சப்படியுமே சம்பளத்தின் உடல். வாடகைப் படி, பயணப் படி போன்றவை வெளியே நிற்கும். அப்படி வெளியே நிற்பவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் உள்ளே வரும். எங்கள் நிறுவனம் மாதச் சம்பளக்காரருக்கு முழு மாதச் சம்பளத்தையும் தருகிறது, ஆகவே இந்தத் தகராறு இங்கே எழுவதில்லை. வேறு இடத்தில் இருப்பவர்கள், விடுப்புக்குப் போகும் முன்பே இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"முன்பணமாக" என்பதற்கு வருவோம். குறித்த தேதிக்கு முன்புள்ள எட்டு வாரத்துக்கு 56 நாள், 53,200 ரூபாய். கர்ப்பச் சான்றைக் கொடுத்ததும் இது முன்கூட்டியே தரப்பட வேண்டியது. மீதி 126 நாளுக்கு 1,19,700 ரூபாய். பிரசவச் சான்று எங்கள் மேசைக்கு வந்து 48 மணி நேரத்துக்குள் இதைப் போட வேண்டும். இந்தக் கடிகாரம் சான்று வந்தால்தான் ஓடத் தொடங்கும். பிறப்புச் சான்றிதழுக்காகப் பலர் காத்திருந்துவிடுகிறார்கள். எங்களுக்கு மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு போதும். அதைக் கணவரோ தம்பியோ கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினாலும் ஏற்கிறோம். விடுப்புக்கு முன்பு கொடுக்கும் அறிவிப்புக் கடிதத்தில் தொடங்கும் தேதியும், பணம் பெற வேண்டியவரின் பெயரும் இருக்க வேண்டும். வலி திடீரென்று வந்து கடிதமே கொடுக்காமல் போனாலும், பிறகு கொடுக்கலாம். கடிதம் தாமதமானதால் உரிமை போய்விடாது. விடுப்பில் சம்பளம் வாங்கிக்கொண்டே வேறோர் இடத்தில் வேலைக்குப் போனால்தான் அந்த நாள்களுக்கான பணம் போகும்.

விதி 4: தகப்பன்

*மூலம்: குழந்தை பிறந்த ஆண் பணியாளருக்குப் பத்து வேலை நாள் முழுச் சம்பள விடுப்பு. பிறந்த ஆறு மாதத்துக்குள், ஒரே தடவையாகவோ இரண்டு பகுதியாகவோ எடுக்கலாம். ஈட்டிய விடுப்பில் கழிக்கப்படாது.*

உரை: மேலே உள்ள மூன்று விதிகளுக்கும் அடியில் சட்டம் தாங்கி நிற்கிறது. இந்த விதிக்கு அடியில் சட்டம் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு, இரண்டு குழந்தைகளுக்கு உட்பட்டு, பதினைந்து நாள் உண்டு. தனியார் நிறுவன ஊழியருக்குத் தகப்பன் விடுப்பைக் கட்டாயமாக்கும் நாடு தழுவிய சட்டம் எதுவும் இல்லை. ஆகையால் இங்கே நிறுவனம் எழுதிய எழுத்துதான் எல்லாம். எழுதாவிட்டால் ஒன்றுமில்லை. ஓர் ஆண் வேலைக்குச் சேரும்போது இந்தப் பக்கத்தைக் கேட்டுப் படித்துக்கொள்வது நல்லது.

முதல் வரைவில் "மூன்று மாதத்துக்குள்" என்றுதான் எழுதியிருந்தோம். பட்டறைப் பிரிவுத் தம்பி ஒருவர் அதைப் படித்துவிட்டு, "மேடம், அதுக்குள்ள எம் பொண்டாட்டி ஊர்லயிருந்தே வந்திருக்க மாட்டாங்க" என்றார். அவர் சொன்னது எங்களுக்கு உறைத்தது. நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டு அழைத்துப் போவார்கள். பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் பிள்ளையோடு கணவன் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். பிரசவத்தின்போது அந்தத் தம்பிக்குத் தேனிக்குப் போய்வர நான்கைந்து நாள் வேண்டும். அங்கே கவனிக்க மாமியார் இருக்கிறார். உண்மையில் ஆள் வேண்டியது ஐந்தாம் மாதம், அவள் இங்கே தனியாகப் பிள்ளையோடு வந்து இறங்கும் வாரத்தில். மூன்று மாதம் என்ற வரம்பு அந்த வாரத்தை அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது. ஆறு மாதம் என்று மாற்றி, இரண்டு பகுதியாக எடுக்கலாம் என்றும் சேர்த்தோம். நாள்களின் எண்ணிக்கை கூடவில்லை, நிறுவனத்துக்குச் செலவும் கூடவில்லை.

"ஈட்டிய விடுப்பில் கழிக்கப்படாது" என்ற தொடரை விட்டுவிட்டால் இந்த விதி வெறும் காகிதம். விடுப்பு கேட்ட ஆணிடம், "ஈ.எல். இருக்கே, அதைப் போடுப்பா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிடுவார். அவரும் தலையாட்டிவிடுவார். சம்பளச் சீட்டில் தகப்பன் விடுப்பு என்று தனித் தலைப்பில் விழுந்திருக்கிறதா என்று அந்த மாதமே பார்க்க வேண்டும். பிரசவ நாள் யார் கையிலும் இல்லை. அதனால் முதல் பகுதிக்கு முன்னறிவிப்பு தேவையில்லை, கைப்பேசிச் செய்தி போதும். இரண்டாம் பகுதிக்கு ஒரு வாரம் முன்பு சொன்னால், அவருடைய இயந்திரத்துக்கு ஆள் போட்டுவிடுவோம்.

விதி 5: திரும்புதல்

*மூலம்: விடுப்பு முடிந்தவர் அதே வேலைக்கு, அதே சம்பளத்துக்குத் திரும்புவார். நோய் இருந்தால் இன்னும் ஒரு மாதம் வரை. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை. காப்பகத்துக்கு நாளில் நான்கு முறை போகலாம். வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையானால் பேசி முடிவு செய்யலாம்.*

உரை: திரும்புவதற்கான வேலை, திரும்பும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். ஜூலை 20-ஆம் தேதி வாக்கில் நாங்கள் அந்தத் தங்கையை அழைப்போம். மூன்று விஷயம் கேட்போம். ஆகஸ்ட் 3-ஆம் தேதி வர உடம்பு தயாரா? பிள்ளை எங்கே இருக்கும்? எந்த ஷிப்டு தோதுப்படும்?

உடம்பு தயாராக இல்லையென்றால் "இன்னும் ஒரு மாதம்" இருக்கிறது. கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ குறைப்பிரசவத்தாலோ வந்த நோய்க்கு, மருத்துவர் சான்றோடு, அதே சராசரிச் சம்பளத்தில் இது கிடைக்கும். இது இருபத்தாறு வாரத்துக்கு மேலே கூடுதலாக வருவது. சிசேரியன் தையலில் சீழ் வைத்து நடக்க முடியாமல் இருப்பவர்கள், இது தெரியாமல் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

"அதே வேலைக்கு" என்பதைச் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொள்ளுங்கள். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டத்துக்குப் புறம்பு. விடுப்புக் காலத்தில் முடியும்படி நோட்டீஸ் கொடுப்பதும் அப்படியே. அவளுக்குப் பாதகமாகப் பணி நிபந்தனையை மாற்றுவதும் கூடாது. மாற்றம் பெரும்பாலும் கொடுமையாக வராது, பரிவாகவே வரும். "பிள்ளைக்காரி, உனக்கு இந்த வேலை சிரமம்" என்று சொல்லி, உற்பத்தி ஊக்கத்தொகை கிடைக்கும் இடத்திலிருந்து கிடைக்காத இடத்துக்கு மாற்றுவார்கள். அதை அவள் கேட்டிருந்தால் சரி. கேட்காமல் செய்தால், பாதகமான மாற்றம்தான்.

பாலூட்டும் இடைவேளை எங்கள் காகிதத்தில் நெடுநாளாக இருந்தது, நடப்பில் இல்லை. காரணம் சாதாரணமானது. பிள்ளை பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருக்கும்போது, இடைவேளையில் தாய் எங்கே போவாள்? மார்பு கட்டிக்கொண்டு, கழிப்பறையில் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் பாலும் வற்றிவிடும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் சட்டப்படி இருக்க வேண்டும். எங்களிடம் உண்டு. அங்கே பிள்ளையை விடுபவளுக்கு நான்கு முறை போய்வரும் உரிமையும் உண்டு, வழக்கமான ஓய்வு நேரமும் அதில் சேரும். ஆனால் பேருந்து நெரிசலில் பிள்ளையைத் தூக்கி வர விரும்பாதவர்களே அதிகம். அவர்களுக்காகக் காப்பகத்தை ஒட்டி, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய சின்ன அறை ஒன்றை ஒதுக்கினோம். ஒரு நாற்காலி, ஒரு பிளக், கை கழுவும் தொட்டி, ஒரு சிறிய குளிர்பதனப் பெட்டி. பீய்ச்சிய பால் வெளியே வைத்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, நம் வெயிலில் அதுவும் தாங்காது. பெட்டியில் வைத்து, மாலை ஐஸ் பையில் எடுத்துப் போனால் பிள்ளைக்கு மறுநாள் ஆகும். அந்த அறை வந்த பிறகுதான் இந்த விதி வேலை செய்யத் தொடங்கியது. இடைவேளை நேரத்துக்குச் சம்பளம் பிடிப்பதில்லை, பிடிக்கவும் கூடாது.

வீட்டிலிருந்து வேலை என்ற வரி, காயில் சுற்றுபவளுக்கு உதவாது. கணக்குப் பிரிவு, வடிவமைப்புப் பிரிவுப் பெண்களுக்கே அது பொருந்தும். அங்கும் அது "பேசி முடிவு செய்யலாம்" என்ற அளவில்தான் இருக்கிறது, கேட்டதும் கிடைத்துவிடும் உரிமையாக இல்லை. எத்தனை மாதம், வாரத்தில் எத்தனை நாள் என்பதை விடுப்பு முடியும் முன்பே எழுதிக்கொண்டால், பிறகு இரு பக்கமும் மனத்தாங்கல் வராது.

விடுப்புக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் இந்த ஐந்து விதிகளோடு ஒரு துண்டு அட்டையும் கொடுக்கிறோம். அந்தத் தங்கையின் அட்டையில் தேதிகளை இப்படி எழுதினோம்: பிப்ரவரி 2 விடுப்பு தொடக்கம், ஆகஸ்ட் 2 கடைசி நாள், ஆகஸ்ட் 3 வேலை. குழந்தை மார்ச் 16-இல் பிறந்ததும் கடைசி வரியை நிரப்பினோம்: 2027 ஜூன் 15 வரை தினம் இரண்டு இடைவேளை. அவள் திரும்பி வரும்போது பிள்ளைக்கு நாலரை மாதம்தான் ஆகியிருக்கும். அந்தக் கடைசி வரி அதன் பின்னும் பத்து மாதத்துக்கு மேல் அவளுக்குத் தேவைப்படும். லாக்கரின் உள்கதவில் ஒட்டிவைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். ஷிப்டு மாறி, சூப்பர்வைசரும் மாறினால், வந்தவரிடம் அவள் அதைக் காட்டலாம்.